தட்டையாக இருந்தால் பூரான்தானா? படத்தைப் பார்த்துப் பூரானையும் மரவட்டையையும் பிரிப்பது

கேள்வி: தோட்டத்தில் தொட்டிகளை நகர்த்தும்போது இரண்டு படம் எடுத்தேன். முதல் படத்தில் இருப்பது கரும்பழுப்பு, தட்டை, ஓரமெல்லாம் மஞ்சள். பக்கத்தில் சின்னதாக வெள்ளையாகச் சில நெளிகின்றன. இரண்டாவது செங்கல் சந்துக்குள் ஓடியதால் பாதி உடல்தான் விழுந்தது. நுனியில் இரண்டு கொடுக்கு தெரிகிறது. இரண்டும் பூரானா? எது கடித்தால் வலிக்கும்? நான்கு வயதுக் குழந்தை அந்த மண்ணில்தான் விளையாடுகிறாள்.

பதில்:

முதல் படத்தில் இருப்பது மரவட்டை. அதற்குக் கடிக்கத் தெரியாது. இரண்டாவது பூரான், அதுவும் வலிக்கக் கடிக்கிற பெரிய வகை. ஆனால் நீங்கள் கொடுக்கு என்று நினைப்பது கொடுக்கு இல்லை, பின்னங்கால். கடிக்கிற முனை செங்கல்லுக்குள் போய்விட்டது.

முதல் படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். மரவட்டை என்றால் உருண்டையாக, பென்சில் போல, தொட்டதும் சுருண்டுகொள்வது என்றே நம் மனதில் பதிந்திருக்கிறது. சில இடங்களில் ரயில் பூச்சி என்று சொல்வதும் அந்த உருண்டை வகையைத்தான். அதனால் தட்டையாக ஒன்றைக் கண்டால் உடனே பூரான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மரவட்டைகளில் தட்டை முதுகு கொண்ட பெரிய கூட்டமே இருக்கிறது. உண்மையில் அவற்றின் உடலும் உருளைதான். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பக்கமும் சிறகு போல ஓடு நீட்டிக்கொண்டிருப்பதால் மேலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரிகிறது. உங்கள் படத்தில் மஞ்சளாக இருப்பது அந்த நீட்டிய ஓரங்கள். ஆகவே தட்டையா உருண்டையா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பார்க்க வேண்டியது கால் எங்கிருந்து எப்படிக் கிளம்புகிறது என்பது.

படத்தைப் பெரிதாக்கி, உடலின் நடுப்பகுதியில் ஏதாவது ஒரு வளையத்தை மட்டும் பாருங்கள். தலையும் வாலும் இப்போதைக்கு வேண்டாம். அந்த ஒரு வளையத்திலிருந்து ஒரு பக்கம் எத்தனை கால் வருகிறது? பூரானுக்கு ஒன்று. மரவட்டைக்கு இரண்டு, அதுவும் நெருக்கமாக, ஒரே இடத்திலிருந்து முளைத்த ஜோடி போல. கரு வளரும்போதே மரவட்டையின் கணுக்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்கின்றன. நாம் ஒரு வளையம் என்று பார்ப்பது உண்மையில் இரண்டு கணு, அதனால்தான் இரட்டைக் கால்.

உங்கள் படம் நல்ல தெளிவாக இருப்பதால் முழுக் கணக்கே போட்டுப் பார்த்தேன். தலையை விட்டால் வளையங்கள் இருபது. தலைக்குப் பின்னால் உள்ள முதல் வளையத்துக்குக் கால் கிடையாது, அது கழுத்துப் பட்டை போல. அடுத்த மூன்றுக்கும் ஒவ்வொரு இணைதான். ஐந்தாவதிலிருந்து பதினெட்டாவது வரை பதினான்கு வளையங்களுக்கு இரண்டிரண்டு இணை, ஆக 28. கடைசி இரண்டுக்குக் கால் இல்லை. மொத்தம் 31 இணை. வளர்ந்த பெண்ணுக்கு இந்தக் கணக்கு. ஆணாக இருந்தால் ஏழாவது வளையத்தில் ஒரு இணை கால் இனச்சேர்க்கைக்கான உறுப்பாக மாறியிருக்கும், அதனால் 30. தட்டை மரவட்டைகளில் பெரும்பாலானவை இந்த இருபது வளையக் கணக்குக்குள்தான் வரும். படத்தில் ஒரு பக்கம் எனக்கு 29 கால் எண்ண முடிந்தது, ஒன்றிரண்டு உடலுக்கு அடியில் மறைந்திருக்கலாம். இருபது வளையத்துக்கு முப்பதை ஒட்டிய கால் என்றால் வளையத்துக்கு ஒன்று என்ற கணக்கு எப்படியும் பொருந்தாது.

அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டுச் சுவரில், குளியலறையில் மயிரிழை போன்ற நீளக் கால்களோடு மின்னலாக ஓடும் பூரான் ஒன்று இருக்கிறது. அதற்குக் கால் 15 இணை, மேலே தெரியும் பெரிய தகடுகளோ அதில் பாதிதான். தகட்டுக்கு இரண்டு என்று எண்ணி மரவட்டை என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. ஆனால் அதன் காலைப் பார்த்த யாரும் அதை மரவட்டை என்று சொல்ல மாட்டார்கள் என்பதால் நடைமுறையில் இது பெரிய சிக்கல் இல்லை.

இனி தலை. உங்கள் முதல் படத்தில் உணர்கொம்பு குட்டையாக, முழங்கை போல மடங்கி, தரையைத் தட்டுவது போல இருக்கிறது. மரவட்டை அப்படித்தான் நடக்கும், வழியைத் தடவித் தடவி. பூரானின் உணர்கொம்பு நீளமாக, மணி கோத்தது போல, நுனிக்குப் போகப் போக மெலிந்து முன்னால் விரிந்திருக்கும். படம் மங்கலாக இருந்து கால்களை எண்ண முடியாதபோது உணர்கொம்பை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

நிறம், ஈரமான இடம், இரண்டு சென்டிமீட்டரைச் சுற்றிய நீளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுடையது ஆக்ஸிடஸ் கிராசிலிஸ் என்ற இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செடித் தொட்டிகளோடும் மண்ணோடும் பயணம் செய்தே உலகம் முழுக்கப் பரவிய மரவட்டை அது. ஆனால் இனத்தை உறுதியாகச் சொல்ல ஆணின் அந்த ஏழாவது வளைய உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து யாராவது இனப் பெயரை அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், நான் உட்பட.

இரண்டாவது படத்துக்கு வருவோம். பாதி உடல், அதுவும் ஆட்டத்தில் எடுத்தது. இருந்தும் இதுதான் எனக்கு எளிதாக இருந்தது. வெளியே தெரிவது ஒன்பது தகடு. ஒவ்வொன்றிலிருந்தும் பக்கத்துக்கு ஒரு கால், பக்கவாட்டில் நன்றாக விரிந்து, துடுப்பு போட்டது போல. கால்கள் உடலுக்கு வெளியே விரிந்திருப்பதே பூரானின் நிற்கும் முறை. மரவட்டையின் கால்கள் வயிற்றுக்கு நடுவிலிருந்து இறங்குவதால் உடலுக்கு அடியிலேயே அடங்கிப்போகும், தட்டை வகையில் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். இன்னொன்று, ஓடும் பூரானின் உடல் பாம்பு போல இடமும் வலமுமாக வளையும். மரவட்டை நடக்கும்போது உடல் நேராகவே நகரும், கால்களில் மட்டும் அலை ஓடும். உங்கள் படத்தில் பாதி உடலே எஸ் வளைவாக இருக்கிறது. கால்கள் மங்கியிருப்பதும் உதவுகிற தடயம்தான். மரவட்டை கேமரா முன்னால் இவ்வளவு வேகமாக அசைந்து படத்தைக் கெடுக்காது.

நுனியில் கொடுக்கு போல இருப்பவை கடைசி இணைக் கால்கள். பெரிய பூரான்களில் அவை மற்ற கால்களைவிடத் தடித்து, நீண்டு, பின்னால் நீட்டியபடி இருக்கும், அவற்றால் நடப்பதில்லை. தொடை போன்ற பகுதியில் சிறு முட்கள் இருக்கும், பிடித்துக்கொள்ளவும் மிரட்டவும் பயன்படும். இதைப் பார்த்துத்தான் பலர் வாலால் கொட்டும் என்கிறார்கள். அந்த முனையில் விஷம் கிடையாது. இது படிப்புக்கான விவரம் மட்டுமில்லை. பின்னங்காலைத் தலை என்று நினைத்து எதிர் முனையைக் குச்சியால் தள்ளப் போனவர்கள், அல்லது இடுக்கியால் வால் பக்கம் பிடித்தவர்கள், இப்படித்தான் கடி வாங்குகிறார்கள். வாலைப் பிடித்தால் அது அப்படியே திரும்பி வந்து பிடித்த கையைக் கவ்வும். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது. பூந்தொட்டியின் விளிம்பில் எட்டிப் பார்த்த முனையைத் தலை என்று கணித்து மறுமுனையைக் காகிதத்தால் பிடித்தேன். அன்று மாலை வரை ஆள்காட்டி விரலை மடக்க முடியவில்லை.

எது தலை, எது வால் என்று படத்தில் பிரிக்க, நுனியில் உள்ளவற்றின் மெலிவைப் பாருங்கள். உணர்கொம்பாக இருந்தால் பல சிறு மணிகளாகத் தெரிந்து நூல் போல முடியும். பின்னங்காலாக இருந்தால் நாலைந்து தடித்த கணுக்கள்தான் இருக்கும், நுனியில் நகம் இருக்கும். உங்கள் படத்தில் தெளிவாக இரண்டாவது வகை.

தடித்த பின்னங்காலும், செம்பழுப்பு நிறமும், ஒவ்வொரு தகட்டின் பின்விளிம்பிலும் ஓடும் கருங்கோடும் ஸ்கோலோபெண்ட்ரா குடும்பத்தைக் காட்டுகின்றன. பெரிதாக வளர்வதைச் சில பகுதிகளில் செய்யான் என்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு 21 அல்லது 23 இணைக் கால்கள். செங்கல்லை அளவாக வைத்தால் வெளியே தெரியும் பாதியே நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, முழு உடல் பத்தை ஒட்டி இருக்கலாம். கடித்தால் நன்றாக வலிக்கும் அளவு.

பூரான் வாயால் கடிப்பதில்லை. தலைக்குப் பின்னால் உள்ள முதல் இணைக் கால்கள்தான் உள்ளே குழலும் விஷச் சுரப்பியும் கொண்ட வளைந்த கொடுக்குகளாக மாறியிருக்கின்றன. அவை தலைக்கு அடியில் மடங்கி இருப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. படத்தில் கொடுக்கு இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் குத்துவதால் கடிவாயில் பெரும்பாலும் இரண்டு புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வலி உடனே வரும், நெருப்பு வைத்தது போல. வெறும் உவமை இல்லை இது. சிவப்புத் தலைப் பூரான் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்தபோது அதிலுள்ள ஒரு சிறு புரதம், நம் நரம்பில் சூட்டை உணரும் அதே வாயிலைத் திறந்துவிடுவது தெரிந்தது. மிளகாய் காரம் திறப்பதும் அதே வாயிலைத்தான்.

எல்லாப் பூரானும் இப்படி இல்லை. தோட்ட மண்ணில் அதிகம் கிடைப்பது நூல் போல மெலிந்த மஞ்சள் மண்பூரான். அதற்கு முப்பது நாற்பது இணைக்கு மேலும் கால் இருக்கும், மெதுவாக நெளியும், பலர் அதைத்தான் மரவட்டைக் குட்டி என்கிறார்கள். அதன் கொடுக்கு நம் தோலில் இறங்குவதே அரிது. கல்லுக்கு அடியில் இருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பழுப்புப் பூரான் கடித்தால் சுருக்கென்று இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். வலிக்கு அஞ்ச வேண்டியது தடித்த பின்னங்காலும் நீண்ட உடலும் கொண்ட உங்கள் இரண்டாவது படத்து வகைக்கு.

அது கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ், அல்லது தாங்கக்கூடிய சூட்டில் உள்ள நீரில் கடிபட்ட இடத்தை வைத்திருப்பது, இரண்டுமே பலன் தரும். சுடுநீரைக் குழந்தைக்குச் செய்வதாக இருந்தால் சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், கொப்புளம் போட்டால் கடியைவிட அது பெரிய தொல்லை. கூட வழக்கமான வலி மாத்திரை, குழந்தைக்கு எடைக்கேற்ற அளவில். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். வலி பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும், வீக்கமும் அரிப்பும் ஓரிரு நாள் இருக்கலாம், அக்குள் அல்லது தொடை இடுக்கில் நெறி கட்டலாம். மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம், நெஞ்சு வலி, முகத்தில் வீக்கம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அதையும் காட்ட வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் சிறு பிள்ளை என்பதால் பெரிய பூரான் கடித்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே என் விருப்பம். உயிராபத்து மிக மிக அரிது, ஆனால் சிறு உடலில் அதே அளவு விஷம் அதிகமாகவே வேலை செய்யும்.

மரவட்டை கடிக்காது என்றேன், தொடலாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஓடித் தப்ப வேகமில்லை, கொடுக்கும் இல்லை. அதனால் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காரமான திரவத்தைக் கசியவிடுகிறது. உருண்டை வகைகள் பலவற்றில் அது குவினோன் என்ற வேதிப்பொருள். தோலில் பட்டால் மஞ்சளாகத் தொடங்கி ஒரு நாளுக்குள் கரும்பழுப்பாக மாறும், எரியும், மெல்லிய தோலில் கொப்புளிக்கும், கறை சில வாரம் வரை போகாது. ஷூவுக்குள் நசுங்கிய மரவட்டையால் கால்விரல்கள் கருத்துப்போய், ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று மருத்துவமனைக்கு ஓடியவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உண்டு. உங்கள் படத்தில் இருப்பது போன்ற தட்டை வகைகள் வேறு வழி, அவை மிகச் சிறிதளவு சயனைடு வெளியிடும். கேட்கப் பயமாக இருந்தாலும் அந்த அளவு எறும்புக்கும் தவளைக்கும்தான் எச்சரிக்கை, திறந்த தோட்டத்தில் நமக்கு ஒன்றும் செய்யாது. கையில் எடுத்தால் கசப்புப் பாதாம் வாடை வரும்.

உண்மையான கவலை கண். குழந்தை மரவட்டையை நசுக்கிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண் சிவந்து வீங்கும், விழிப்படலம் புண்ணாகவும் கூடும். அப்படி ஆனால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தோலில் மட்டும் பட்டிருந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பூரானை எடுக்கக் கூடாது, மரவட்டையை எடுத்தால் கை கழுவ வேண்டும். நான்கு வயதில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் நிறைய கால் உள்ள எதையும் கையால் எடுக்காதே என்று ஒரே விதியாகச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக அந்த வெள்ளைக் குட்டிகள். அவையே முதல் படத்துக்குச் சாட்சி. மரவட்டை முட்டையிலிருந்து மூன்றே இணைக் கால்களோடு வெளிவரும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வளையமும் காலும் கூடும், அதுவரை வெளுத்திருக்கும். உங்கள் படத்தில் ஒவ்வொரு குட்டியும் வெவ்வேறு நீளத்தில், தனித்தனியாக மண்ணில் சிதறிக் கிடக்கிறது. பெரிய பூரானின் குட்டிகள் பிறக்கும்போதே எல்லாக் கால்களோடும் இருக்கும், எல்லாம் ஒரே அளவில், தாயின் உடல் வளையத்துக்குள் குவிந்திருக்கும். தாய்ப் பூரான் முட்டைகளையும் குட்டிகளையும் சுற்றிச் சுருண்டு, கால்களால் அணைத்தபடி பல வாரம் அசையாமல் கிடக்கும். சுருண்டிருந்தால் மரவட்டை என்ற பேச்சு இங்கேதான் காலை வாரிவிடும். எப்போதாவது கல்லைப் புரட்டும்போது வெள்ளைக் குவியலைச் சுற்றிச் சுருண்ட ஒன்றைக் கண்டால், ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு கல்லை அப்படியே வைத்துவிடுங்கள்.